டையீன், ஈனோன்களின் λmax கணக்கிடுவது எப்படி? உட்வர்ட்–ஃபீசர் விதிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவியில் வைத்தால் அலைநீளம் தானே வந்துவிடுகிறது. அப்புறம் எதற்குக் கையால் கணக்குப் போட வேண்டும்?

கருவி எண்ணைத் தரும். அந்த எண் எந்த அமைப்புக்கு உரியது என்பதைச் சொல்லாது. ஒரு வினையிலிருந்து வந்த பொருளுக்கு இரண்டு மூன்று அமைப்புகள் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் λmax எங்கே வரவேண்டும் என்று கணக்கிட்டு, அளந்த எண் எதற்குப் பக்கத்தில் விழுகிறது என்று பார்க்கிறோம். விதியின் முழுப் பயனும் இதுதான். ஒரே ஒரு அமைப்பை எடுத்து அதன் அலைநீளத்தை முன்கூட்டிச் சொல்வது தேர்வுத்தாளுக்குச் சரி. ஆய்வகத்தில் ஒப்பிடுவதற்குத்தான் இந்தக் கணக்கு.

ராபர்ட் பர்ன்ஸ் உட்வர்ட் 1941-இல் ஈனோன்களுக்கும் அடுத்த ஆண்டு டையீன்களுக்கும் இந்த ஒழுங்கை எடுத்துக் காட்டினார். அப்போது அமைப்பு தெரிந்த சேர்மங்களின் அளவீடுகளை வரிசைப்படுத்திப் பார்த்ததில், ஒவ்வொரு அல்கைல் தொகுதியும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு அலைநீளத்தைத் தள்ளுவது தெரிந்தது. பிறகு லூயி ஃபீசரும் மேரி ஃபீசரும் ஸ்டீராய்டு அளவீடுகளைக் கொண்டு எண்களைச் சீர்செய்தார்கள். ஆக, இவை கோட்பாட்டிலிருந்து வருவிக்கப்பட்டவை அல்ல, அனுபவ எண்கள். ஸ்டீராய்டு, டெர்ப்பீன் போன்ற ஆறு உறுப்பு வளையச் சேர்மங்களில் இவை நன்றாக வேலை செய்வதற்குக் காரணமும் அதுதான்.

டையீனின் அடிப்படை மதிப்பு ஒரு புத்தகத்தில் 217, இன்னொன்றில் 214 என்று இருக்கிறதே. எது சரி?

இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. 217 நா.மீ. என்பது பியூட்டாடையீனில் அளந்த மதிப்பு. உட்வர்ட் முதலில் அதை வைத்துத்தான் தொடங்கினார். 214 என்பது, வெவ்வேறு வளையங்களில் பகிர்ந்து அமைந்த டையீன்களுக்குப் பொருந்தும்படி பின்னால் திருத்திய மதிப்பு. வளையம் இல்லாத திறந்த சங்கிலிக்கு 217, வளையச் சேர்மங்களுக்கு 214 என்று பல ஆசிரியர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஐசோபிரீனுக்கு 217 + 5 = 222 என்று வரும்; அளந்த மதிப்பும் 222-தான்.

எதை எடுத்தாலும் வித்தியாசம் 3 நா.மீ. விதியின் பிழை எல்லையே ±5 என்பதால் இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. ஒப்பிடும் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்துங்கள், போதும். இந்தப் பக்கத்தில் வளைய டையீன்களுக்கு 214 எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு இரட்டைப் பிணைப்பும் ஒரே வளையத்தில் இருந்தால் மட்டும் 253. அவ்வளவு பெரிய தாவல் ஏன்?

ஒரே ஆறு உறுப்பு வளையத்துக்குள் இருக்கும்போது இரண்டு இரட்டைப் பிணைப்பும் நடு ஒற்றைப் பிணைப்பின் ஒரே பக்கம் திரும்பியாக வேண்டும். இதைச் சிசாய்டு அமைப்பு என்பார்கள். வெவ்வேறு வளையங்களில் இருந்தால் பெரும்பாலும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும், அது டிரான்சாய்டு.

சிசாய்டில் டையீனின் முதல் கார்பனும் நான்காம் கார்பனும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. எலக்ட்ரான் நிறைந்த மேல் ஆர்பிட்டாலில் இந்த இரு முனைகளும் எதிர்க் குறியில் இருப்பதால், நெருக்கம் அதன் ஆற்றலைச் சற்று உயர்த்துகிறது. அடுத்த காலி ஆர்பிட்டாலில் முனைகள் ஒரே குறியில் இருப்பதால் அதன் ஆற்றல் சற்று இறங்குகிறது. இடைவெளி இரு பக்கமும் சுருங்க, அலைநீளம் நீள்கிறது. அந்தச் சுருக்கத்தின் அனுபவ மதிப்புதான் 214-க்கும் 253-க்கும் உள்ள 39.

இந்த 253 ஆறு உறுப்பு வளையத்துக்கு மட்டும் உரியது என்பதை மறக்க வேண்டாம். சைக்ளோபென்டாடையீன் 238-ஐ ஒட்டியும், ஏழு உறுப்பு வளைய டையீன் 248-ஐ ஒட்டியும் உட்கவர்கின்றன. அங்கே 253-இல் தொடங்கினால் கணக்கு முதல் வரியிலேயே தவறிவிடும்.

வளைய எச்சம் என்கிறார்கள். எதை எண்ணுவது, எதை விடுவது?

டையீனின் நான்கு கார்பன்களை மட்டும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அந்த நான்கிலிருந்து வட்டத்துக்கு வெளியே போகும் ஒவ்வொரு C–C பிணைப்பும் ஒரு பதிலி. அது மெத்தில் தொகுதியா, நீண்ட சங்கிலியா, வளையத்தின் தொடர்ச்சியா என்பது பொருட்டல்ல. ஒவ்வொன்றுக்கும் 5. வளையத்தின் தொடர்ச்சியாகப் போகும் பிணைப்பைத்தான் வளைய எச்சம் என்கிறோம்.

இங்கே எண்ணப்படுவது வெளியே போகும் பிணைப்புகள். வெளியே இருக்கும் கார்பன்கள் அல்ல. பெரும்பாலான பிழை இந்த இடத்தில்தான் வருகிறது. மூலக்கூறில் மொத்தம் எத்தனை மெத்தில் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டிவிடுகிறார்கள். வட்டத்தைத் தொடாத மெத்திலுக்கு மதிப்பே கிடையாது.

வளையத்துக்கு வெளியே நீளும் இரட்டைப் பிணைப்பு, அதாவது எக்ஸோசைக்ளிக். படத்தில் எல்லாமே வளையத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் விடையில் +5 போட்டிருக்கிறார்கள். எப்படி?

ஒரு இரட்டைப் பிணைப்பு ஒரு வளையத்துக்கு உள்ளே இருந்துகொண்டே பக்கத்து வளையத்துக்கு வெளிப் பிணைப்பாகவும் இருக்கலாம். இதைப் பிடித்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

சோதனை எளிது. இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கார்பன் ஏதாவது ஒரு வளையத்தின் உறுப்பாக இருந்து, மறு கார்பன் அதே வளையத்தின் உறுப்பாக இல்லாவிட்டால், அந்த வளையத்தைப் பொறுத்தவரை அது எக்ஸோசைக்ளிக். +5 போடுங்கள். மூலக்கூறின் ஒவ்வொரு வளையத்துக்கும் இந்தக் கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே இரட்டைப் பிணைப்பு இரண்டு வளையங்களுக்கு எக்ஸோசைக்ளிக்காக அமைந்தால் +10.

இரண்டு வளையங்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பிணைப்பே இரட்டைப் பிணைப்பாக இருந்தால், அதன் இரு கார்பன்களும் இரு வளையங்களிலும் உறுப்பினர்கள். அதற்கு ஒன்றும் கிடையாது.

ஒரு முழுக் கணக்கைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

பைன் மரப் பிசினில் உள்ள அமிலங்களை எடுத்துக்கொள்வோம். அபியெட்டிக் அமிலமும் லெவோபிமாரிக் அமிலமும் ஒரே வாய்பாடு கொண்டவை, C20H30O2. கார்பன் சட்டகமும் ஒன்றே: ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று ஆறு உறுப்பு வளையங்கள். டையீன் இருக்கும் இடம் மட்டும் வேறு. லெவோபிமாரிக் அமிலத்தைச் சூடாக்கினாலோ அமிலம் பட்டாலோ அது அபியெட்டிக்காக மாறிவிடும். அதனால் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது உண்மையிலேயே தேவைப்படும் கேள்வி.

எண்களை முதலில் மனதில் வையுங்கள். நடு வளையம் B-இல் C5 முதல் C10 வரை உள்ளன. வலது வளையம் C-இல் C8, C9, C11, C12, C13, C14. ஐசோபுரொப்பைல் தொகுதி C13-இல் தொங்குகிறது. கார்பாக்சிலிக் தொகுதி முதல் வளையத்தில், டையீனுக்குத் தொலைவில் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அபியெட்டிக்கில் டையீன் C7=C8–C14=C13. முதல் இரட்டைப் பிணைப்பு B வளையத்தில், இரண்டாவது C வளையத்தில். வெவ்வேறு வளையங்கள், ஆகவே 214. வெளியே போகும் பிணைப்புகளை எண்ணுவோம். C7-லிருந்து C6, C8-லிருந்து C9, C13-லிருந்து C12-உம் ஐசோபுரொப்பைலும். C14-இல் ஹைட்ரஜன் மட்டும். மொத்தம் நான்கு. அடுத்து எக்ஸோசைக்ளிக். C7=C8-ஐப் பாருங்கள்: C8 வளையம் C-யின் உறுப்பு, C7 அதில் இல்லை. எனவே ஒன்று. C13=C14-இன் இரு கார்பன்களும் C வளையத்தில் மட்டும் இருப்பதால் அதற்கு ஒன்றுமில்லை.

```
அபியெட்டிக்:  214 + (4 × 5) + 5 = 239   அளந்தது 241
```

லெவோபிமாரிக்கில் டையீன் C12=C13–C14=C8. நான்கு கார்பன்களும் C வளையத்துக்குள்ளேயே இருப்பதால் 253. வெளியே போகும் பிணைப்புகள்: C12-லிருந்து C11, C13-லிருந்து ஐசோபுரொப்பைல், C8-லிருந்து C7, C9. இங்கும் நான்கு. C8=C14 பிணைப்பில் C8 வளையம் B-யிலும் இருக்கிறது, C14 இல்லை. எனவே ஒரு எக்ஸோசைக்ளிக்.

```
லெவோபிமாரிக்:  253 + (4 × 5) + 5 = 278   அளந்தது 272
```

இரண்டாவதில் 6 நா.மீ. தள்ளிப் போயிருக்கிறது. ஆனாலும் முடிவில் சந்தேகமே இல்லை. கணித்த இரு எண்களுக்கு இடையே 39 நா.மீ. இருக்கும்போது 6 பிழை ஒன்றும் செய்யாது. 272-இல் உச்சி தெரிந்தால் அது அபியெட்டிக்காக இருக்க வழியே இல்லை.

இதே கணக்கு எப்போது கைவிடும்?

அதே குடும்பத்திலேயே விடை இருக்கிறது. பாலஸ்ட்ரிக் அமிலம் என்று இன்னொரு மாற்றியம் உண்டு. அதில் டையீன் C13=C14–C8=C9; இதுவும் முழுக்க C வளையத்துக்குள். வெளியே போகும் பிணைப்புகள் ஐந்து: C13-லிருந்து C12, ஐசோபுரொப்பைல், C8-லிருந்து C7, C9-லிருந்து C10, C11. C8=C9 என்பது B, C வளையங்களின் பொதுப் பிணைப்பு என்பதால் எக்ஸோசைக்ளிக் எதுவும் இல்லை. 253 + 25 = 278.

லெவோபிமாரிக்குக்கும் 278, இதற்கும் 278. ஒன்றில் பதிலி கூட, மற்றதில் எக்ஸோசைக்ளிக் கூட, கூட்டினால் சமமாகிவிடுகிறது. அளந்தால் பாலஸ்ட்ரிக் 266-ஐ ஒட்டி வருகிறது, கணிப்புக்கு 12 நா.மீ. கீழே. இந்த இரண்டையும் பிரிக்க இந்த விதியால் முடியாது. புரோட்டான் என்எம்ஆர் எடுங்கள்: லெவோபிமாரிக்கில் வினைல் ஹைட்ரஜன் இரண்டு, பாலஸ்ட்ரிக்கில் ஒன்று. ஒரே வரியில் முடிந்துவிடும்.

கணித்த எண்களின் இடைவெளி 10 நா.மீ.க்குக் கீழே வந்தால், புற ஊதா நிறமாலையை மட்டும் வைத்து அமைப்பைத் தீர்மானிக்க நான் துணிய மாட்டேன்.

சிசாய்டு, டிரான்சாய்டு இரண்டும் ஒரே மூலக்கூறில் தொடர்ச்சியாக இருந்தால் எந்த அடிப்படை?

253. எப்போதும் நீண்ட அலைநீளம் தரும் அடிப்படையைத்தான் எடுக்க வேண்டும். தொடரில் மூன்றாவது இரட்டைப் பிணைப்பு சேர்ந்தால் +30. அப்போது வட்டமும் ஆறு கார்பன்களாகப் பெரிதாகும். பதிலிகளை அந்த ஆறிலிருந்து எண்ணுங்கள்.

தொடரில் சேராத இரட்டைப் பிணைப்பைத் தொடவே கூடாது. எர்கோஸ்டெராலில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஆனால் பக்கச் சங்கிலியில் உள்ளது தனியாக நிற்கிறது. B வளையத்தில் உள்ள இரண்டு மட்டும்: 253, நான்கு பதிலிகளுக்கு 20, இரண்டு எக்ஸோசைக்ளிக்குக்கு 10. மொத்தம் 283. அளந்த முதன்மை உச்சி 282. பக்கச் சங்கிலிக்கும் 30 போட்டவர்களுக்கு 313 வரும். அப்படி ஒரு உச்சி நிறமாலையில் கிடையாது.

ஈனோன்களில் ஆல்ஃபா, பீட்டா என்று தனித்தனி மதிப்பு ஏன்? டையீனில் எல்லாவற்றுக்கும் 5-தானே?

டையீனின் இரு முனைகளும் ஒரே மாதிரி. ஈனோனில் ஒரு முனையில் ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒளியை உட்கவரும்போது எலக்ட்ரான் செறிவு C=C பக்கத்திலிருந்து C=O பக்கம் நகர்கிறது. இரட்டைப் பிணைப்பின் பக்கம் அமர்ந்து எலக்ட்ரானை ஊட்டும் அல்கைல் தொகுதி இந்த நகர்வுக்குத் துணை செய்கிறது. எந்த இடத்தில் அமர்கிறது என்பதைப் பொறுத்துத் துணையின் அளவும் மாறும்.

கார்பனைலை ஒட்டிய கார்பன் ஆல்ஃபா, அடுத்தது பீட்டா. ஆல்ஃபாவில் அல்கைலுக்கு 10, பீட்டாவில் 12. தொடர் நீண்டு காமா, டெல்டா என்று போனால் ஒவ்வொன்றுக்கும் 18. அடிப்படை மதிப்பு, திறந்த சங்கிலிக்கும் ஆறு உறுப்பு வளையத்துக்கும் 215. C=C ஐந்து உறுப்பு வளையத்துக்குள், கார்பனைலோடு சேர்ந்து இருந்தால் 202. ஆல்டிஹைடுக்கு 207 அல்லது 210 என்று அட்டவணைக்கு அட்டவணை மாறும். எக்ஸோசைக்ளிக்குக்கும் (+5) கூடுதல் இரட்டைப் பிணைப்புக்கும் (+30) டையீனில் உள்ள அதே மதிப்புகள்.

ஆக்சிஜன், நைட்ரஜன், ஹாலஜன் பதிலிகளின் மதிப்புகள் இடத்துக்கு இடம் பெரிதாக மாறுகின்றன. பீட்டாவில் ஒரு டைஅல்கைல் அமினோ தொகுதி 95 நா.மீ. வரை தள்ளும். அவற்றை மனப்பாடம் செய்வது வீண் வேலை, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஈனோனுக்கும் ஒரு எடுத்துக்காட்டு?

பியூலிகோன், பைப்பெரிடோன். இரண்டும் புதினா வகைச் செடிகளின் எண்ணெய்களில் வருபவை, இரண்டும் C10H16O, இரண்டுமே ஒன்றுவிட்ட ஈனோன்கள்.

பியூலிகோனில் கார்பனைலுக்குப் பக்கத்து வளையக் கார்பனிலிருந்து இரட்டைப் பிணைப்பு வெளியே நீள்கிறது. அதன் மறுமுனையில் இரண்டு மெத்தில்கள். ஆல்ஃபா கார்பனில் ஒரு வளைய எச்சம் (10), பீட்டாவில் இரண்டு மெத்தில் (24), இரட்டைப் பிணைப்பு வளையத்துக்கு எக்ஸோசைக்ளிக் (5).

பைப்பெரிடோனில் இரட்டைப் பிணைப்பு வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆல்ஃபாவில் ஹைட்ரஜன். பீட்டாவில் ஒரு மெத்தில், ஒரு வளைய எச்சம் (24). ஐசோபுரொப்பைல் தொகுதி கார்பனைலின் மறுபக்கத்தில் இருப்பதால் அதற்கு மதிப்பு இல்லை.

```
பியூலிகோன்:    215 + 10 + 24 + 5 = 254   அளந்தது சுமார் 252
பைப்பெரிடோன்:  215 + 24 = 239            அளந்தது சுமார் 235
```

மறுபக்க ஐசோபுரொப்பைலையும் ஆல்ஃபா என்று எண்ணி 10 கூட்டுவது இங்கே வழக்கமான சறுக்கல். கார்பனைலுக்கு இரண்டு பக்கமும் ஆல்ஃபா கார்பன் உண்டு என்பது உண்மைதான். ஆனால் விதியில் வரும் ஆல்ஃபா, இரட்டைப் பிணைப்பில் உள்ள ஆல்ஃபா மட்டும்.

கார்பனைலின் இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு இருந்தால் 30 கூட்டலாமா?

கூடாது. அது குறுக்காக இணைந்த அமைப்பு. ஒரே நேர்த்தொடர் அல்ல. இரண்டு ஈனோன்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டு, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோலஸ்டா-1,4-டையீன்-3-ஓன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. C4=C5 கிளையில் பீட்டா கார்பனில் இரண்டு வளைய எச்சங்கள் (24), பக்கத்து வளையத்துக்கு எக்ஸோசைக்ளிக் (5): 244. C1=C2 கிளையில் பீட்டாவில் ஒரே ஒரு எச்சம்: 227. விடை 244, அளந்ததும் அந்த இடத்தில்தான். இதுவே கோலஸ்டா-4,6-டையீன்-3-ஓனாக இருந்தால் தொடர் நேராக நீள்கிறது: 215 + 30 + பீட்டாவுக்கு 12 + டெல்டாவுக்கு 18 + எக்ஸோசைக்ளிக்குக்கு 5 = 280. அளந்தது 284. ஒரு இரட்டைப் பிணைப்பு இடம் மாறினதற்கு 40 நா.மீ. வித்தியாசம். ஸ்டீராய்டு வேதியியலில் இந்தக் கணக்கு அவ்வளவு பயன்பட்டதற்கு இது போன்ற இணைகளே காரணம்.

என் அளவீடு கணிப்பைவிட 10 நா.மீ. குறைவாக வந்தது. சேர்மம் தவறா?

முதலில் கரைப்பானைப் பாருங்கள். ஈனோன் விதியின் எண்கள் எல்லாம் எத்தனாலுக்கு உரியவை. கிளர்ந்த நிலையில் ஈனோன் அதிக முனைவுத்தன்மை கொண்டது. முனைவுள்ள கரைப்பான் அதை நன்றாகத் தாங்கி, ஆற்றலைக் குறைத்து, அலைநீளத்தை நீட்டும். ஹெக்சேனில் அந்தத் தாங்கல் இல்லை. அதனால் ஹெக்சேனில் அளப்பதானால் கணித்த எண்ணிலிருந்து 11-ஐக் கழிக்க வேண்டும். நீரில் அளப்பதானால் 8-ஐக் கூட்ட வேண்டும். மெத்தனாலுக்குத் திருத்தம் வேண்டாம்.

மெசிட்டைல் ஆக்சைடுக்கு விதி 239 தருகிறது. எத்தனாலில் 237-ஐ ஒட்டி வரும். ஹெக்சேனில் 230 அளவுக்கு இறங்கும், நீரில் 243 அளவுக்கு ஏறும். சேர்மம் ஒன்றே. டையீன்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கார்பனைல் இல்லாததால் கரைப்பான் திருத்தமே தேவையில்லை.

குளோரோஃபார்மில் அளந்திருந்தால் வேறு சிக்கல். அது 245-க்குக் கீழே தானே உட்கவரத் தொடங்கிவிடும். உங்கள் 239 உச்சி அந்தச் சுவருக்குள் புதைந்து போயிருக்கலாம். திரையில் தெரியும் உச்சி சேர்மத்தினுடையதாகவே இல்லாமலும் போகலாம்.

கரைப்பான் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால்?

அப்போது மூலக்கூறின் வடிவத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றுவிட்ட பிணைப்புகள் ஒரே தளத்தில் இருக்கின்றன, வளையங்களில் இறுக்கம் இல்லை என்ற இரண்டு அனுமானங்கள் இந்த விதிக்கு அடியில் உள்ளன.

வெர்பினோன் இரண்டாவது அனுமானத்தை மீறுகிறது. பீட்டாவில் இரு பதிலிகள் என்பதால் விதிப்படி 239. அளந்தால் 253. பைனீன் சட்டகத்தின் நான்கு உறுப்பு வளையம் ஈனோன் வளையத்தை வளைத்து இறுக்கி வைத்திருப்பதுதான் காரணம். பாலம் போட்ட இருவளையச் சேர்மங்களில் விதியின் எண்ணைக் குத்துமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அனுமானம் உடைவது பெரிய தொகுதிகள் நெருக்கும்போது. பியூட்டாடையீனின் 2, 3 இடங்களில் மெத்தில்கள் இருந்தால் விதி ஒழுங்காக வேலை செய்யும்: 217 + 10 = 227, அளந்தது 226. மெத்தில்களுக்குப் பதில் இரண்டு டெர்ட்-பியூட்டைல் வைத்தால் எண்ணிக்கை மாறாது, விதியும் அதே விடையைச் சொல்லும். ஆனால் அவை ஒன்றையொன்று தள்ளி, நடுப் பிணைப்பைத் திருகி, இரண்டு இரட்டைப் பிணைப்புகளின் தளத்தையும் பிரித்துவிடுகின்றன. தளம் பிரிந்தால் டையீனுக்குரிய உட்கவர்தல் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. விதிக்குக் கார்பன் எண்ணத் தெரியும், இடநெருக்கடி தெரியாது.

உச்சி சரியான இடத்தில்தான் இருக்கிறது. அதை வைத்து உறுதி செய்துவிடலாமா?

உயரத்தையும் பாருங்கள். பலரும் λmax-ஐ மட்டும் குறித்துக்கொண்டு மோலார் உட்கவர்திறன் ε-ஐ விட்டுவிடுகிறார்கள். பாதித் தகவல் அங்கே இருக்கிறது. டிரான்சாய்டு டையீனின் ε பெரும்பாலும் 15,000-க்கு மேல் இருக்கும். சிசாய்டில் எலக்ட்ரான் நகர்வின் நீளம் குறைவு என்பதால் 5,000 முதல் 8,000 வரைதான்.

பிசின் அமிலத்துக்கே திரும்புவோம். மூலக்கூறு நிறை 302. ஒரு மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் செறிவு சுமார் 3.3 × 10⁻⁵ மோல்/லிட்டர். 1 செ.மீ. குவெட்டில் ε 20,000 என்றால் அளவீடு 0.66 காட்டும், ε 6,000 என்றால் 0.2 மட்டும். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்.

இதில் ஒரு பொறியும் உண்டு. லெவோபிமாரிக் மாதிரியில் சிறிதளவு அபியெட்டிக் கலந்திருந்தாலும், அதன் ε பல மடங்கு பெரியது என்பதால் 241-இல் தோள் மாதிரி ஒரு புடைப்பு எழும்பும். பார்த்தால் கால்வாசி கலப்படம் போலத் தோன்றும். உண்மையில் அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். உச்சி உயரங்களை நேரடியாக ஒப்பிட்டு விகிதம் சொல்லாதீர்கள்.

ஈனோன் நிறமாலையில் 310–330 பக்கம் இன்னொரு சின்ன உச்சி தெரிகிறது. அது மாசா?

பெரும்பாலும் இல்லை. கார்பனைல் ஆக்சிஜனின் தனி இணை எலக்ட்ரான் மேலே போவதால் வரும் n→π* உட்கவர்தல் அது. ε நூறுக்கும் கீழே. மேலே சொன்ன நீர்த்த கரைசலில் கண்ணுக்கே தெரியாது. நூறு மடங்கு செறிவாக எடுத்தால் தெரியும். இந்த விதிகள் வலிமையான π→π* உச்சிக்கு மட்டும். அந்தச் சின்ன உச்சியை எடுத்துக்கொண்டு "விதி 80 நா.மீ. தவறு" என்று வருபவர்கள் உண்டு.

கரோட்டீன் மாதிரி நீண்ட சேர்மங்களுக்கும் ஒவ்வொன்றாக 30 கூட்டிக்கொண்டே போகலாமா?

நான்கு இரட்டைப் பிணைப்பு வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு புதிய பிணைப்பின் பங்கும் குறைந்துகொண்டே வருவதால் கூட்டல் பலிக்காது. அங்கே ஃபீசர்–கூன் சமன்பாட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்:

```
λmax = 114 + 5M + n(48.0 − 1.7n) − 16.5 R(endo) − 10 R(exo)
```

M என்பது அல்கைல் பதிலிகள், n என்பது தொடரில் உள்ள இரட்டைப் பிணைப்புகள், R(endo) உள்ளே இரட்டைப் பிணைப்பு கொண்ட வளையங்கள், R(exo) எக்ஸோசைக்ளிக் பிணைப்பு கொண்ட வளையங்கள். பீட்டா கரோட்டீனுக்கு M = 10, n = 11, R(endo) = 2. போட்டுப் பார்த்தால் 453.3 வரும், ஹெக்சேனில் அளந்த மதிப்பு 452. M-ஐ எண்ணும்போது இரு முனை வளையங்களின் எச்சங்களையும் சேர்த்தால்தான் 10 வரும். சங்கிலியில் தொங்கும் மெத்தில்களை மட்டும் எண்ணினால் 4-தான் கிடைக்கும்.